ரொட்டியில் கண் விழும் நேரம்

சுருளிப்பட்டியில் திராட்சைப் பந்தல் போட்டிருக்கும் சொந்தக்காரர் ஒருவர், கிளம்பும்போது இரண்டு கிலோ பன்னீர் திராட்சையைப் பையில் போட்டுக் கையில் திணித்துவிட்டார். நன்றாகக் கனிந்த பழம். பஸ் நெரிசலில் பாதி நசுங்கியும் போயிற்று. தின்றது போக மீதியைப் பிழிந்து, காலி வாட்டர் பாட்டில் ஒன்றில் ஊற்றி இறுக மூடி, சமையலறை மேடையின் ஓரத்தில் வைத்தேன். வைத்தவன் அப்படியே மறந்துபோனேன். மூன்றாம் நாள் காலையில் பார்த்தால் பாட்டில் நிற்காமல் சாய்ந்து கிடந்தது. அதன் அடிப்பாகம் வெளிப்பக்கமாகப் புடைத்து உருண்டு போயிருந்ததால் அதற்கு நிற்கத் தெரியவில்லை. அப்போதாவது யோசித்திருக்கலாம். யோசிக்காமல் மூடியைத் திருகினேன். சுவரில் விழுந்த கறை இன்னும் போகவில்லை.

அதே மேடையின் மறு ஓரத்தில், முந்தின இரவு ஆட்டி வைத்த இட்லி மாவு தூக்குவாளியின் மூடியைத் தள்ளிக்கொண்டு வழிந்திருந்தது. அன்று மாலை கம்பத்தில் எனக்குப் பழக்கமான பேக்கரிக்குப் போனபோது, ஈரத்துணிக்கு அடியில் மைதா உருண்டை ஒன்று அண்டாவின் விளிம்பை எட்டிப் பிடித்துக்கொண்டிருந்தது. பாட்டிலைப் புடைக்க வைத்ததும், தூக்குவாளியின் மூடியைத் தள்ளியதும், அண்டாவில் மாவை ஏற்றியதும் ஒரே வாயுதான்: கார்பன் டை ஆக்சைடு. ஆனால் பாட்டிலுக்குள் சாறு துளிகூட மேலே ஏறவில்லை. மூடி மட்டும் இல்லாதிருந்தால் வாயு சத்தமில்லாமல் காற்றில் கலந்திருக்கும், நானும் கவனித்திருக்க மாட்டேன். வாயு உண்டாவது ஒரு வேலை, அதைப் பிடித்து வைப்பது வேறொரு வேலை. ஈஸ்ட் செய்வது முதல் வேலையை மட்டும்தான்.

இதை எனக்கு முதலில் சொன்னது எந்தப் புத்தகமும் இல்லை, அந்த பேக்கரி மாஸ்டர்தான். "ஈஸ்ட்டு ஊதத்தாண்ணே செய்யும். கண்ணு விழுறது பிசையிறதுலதான்" என்றார். ஆப்பத்தில் விழுமே, அதே கண். ரொட்டியைப் பிய்த்தால் உள்ளே தெரிகிற ஓட்டைகளை அவர் அப்படித்தான் சொல்வார். அவர் சொன்னது எவ்வளவு துல்லியம் என்பது பல நாள் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

முதலில் ஈஸ்ட் எப்படி ஊதுகிறது என்று பார்த்துவிடலாம். இது காளான் குடும்பத்தைச் சேர்ந்த ஒற்றைச் செல் உயிர். ஒரு செல்லின் நீளம் ஒரு மில்லிமீட்டரில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவு. பேக்கரியில் பாக்கெட்டில் வாங்கும் உலர்ந்த ஈஸ்ட் ஒரு கிராமில் ஆயிரம் கோடிக்கு மேல் செல்கள் உறங்கிக்கொண்டிருக்கும். அதன் அறிவியல் பெயர் சாக்கரோமைசிஸ் செரிவிசியே. சர்க்கரைக் காளான் என்பது முதல் பாதிக்குப் பொருள். 1837-இல் ஜெர்மானியரான தியோடர் ஷ்வான், சர்க்கரை புளித்துச் சாராயமாவதற்குக் காரணம் உயிருள்ள இந்தச் செல்கள்தான் என்று சொல்லி இதே பொருளில் ஒரு பெயரை வைத்தார். அந்தக் காலத்து வேதியியலாளர்கள் பலர் அதைக் கேலி செய்தார்கள். பிறகு பாஸ்டர் வந்து உயிர்தான் காரணம் என்று நிறுவினார். இன்னும் பிறகு, 1897-இல், எட்வர்ட் பூக்னர் ஈஸ்ட்டை மணலோடு சேர்த்து அரைத்துச் செல்களை உடைத்து, பிழிந்த சாற்றில் சர்க்கரையைப் போட்டார். உயிருள்ள செல் ஒன்றுகூட இல்லாத அந்தச் சாறும் நுரைத்தது. செல்லுக்குள் இருக்கும் நொதிகளே அந்த வேலையைச் செய்கின்றன என்பது அப்போதுதான் தெரிந்தது. அதற்காக 1907-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அந்த நொதிகள் குளுக்கோஸ் மூலக்கூறு ஒன்றை இரண்டாக உடைக்கின்றன. உடைக்கும்போது கிடைக்கும் கொஞ்சம் ஆற்றல்தான் ஈஸ்ட்டுக்குக் கூலி. ஆனால் உடைக்கிறபோது சர்க்கரையிலிருந்து ஹைட்ரஜன் கழன்று வரும். அதை ஏந்திக்கொள்ளச் செல்லுக்குள் ஒரு வகை மூலக்கூறு இருக்கிறது. திராட்சை பறிக்கிறவர்கள் கையிலிருக்கும் கூடையைப் போல அது. கூடைகளோ கொஞ்சம்தான். நிறைந்த கூடையைக் கொட்டிக் காலியாக்கினால்தான் அடுத்த குலையைப் பறிக்க முடியும். எங்கே கொட்டுவது? உடைந்த துண்டிலிருந்து கார்பன் டை ஆக்சைடைக் கழற்றி வெளியே விட்டுவிட்டு, மிஞ்சியதன் தலையில் அந்த ஹைட்ரஜனைக் கொட்டுகிறது ஈஸ்ட். அப்படிக் கொட்டப்பட்ட துண்டுக்குத்தான் ஆல்கஹால் என்று பெயர். ஆக, வாயுவும் சரி ஆல்கஹாலும் சரி, ஈஸ்ட்டுக்கு இரண்டுமே கழிவு. நாம் அதன் குப்பையில் ஒரு பாதியை பேக்கரியிலும் மறு பாதியை வேறு கடைகளிலும் விற்கிறோம்.

காற்று இருந்தால் ஈஸ்ட் சுவாசிக்கும், இல்லாவிட்டால்தான் புளிக்க வைக்கும் என்று பள்ளியில் படித்திருப்போம். இந்த ஈஸ்ட் விஷயத்தில் அது முழு உண்மையில்லை. சர்க்கரை தாராளமாகக் கிடைத்தால், பக்கத்திலேயே ஆக்சிஜன் இருந்தாலும் இது ஆல்கஹால் வழியில்தான் போகும். பிசைந்த மாவில் சிக்கிய ஆக்சிஜனோ சில நிமிடங்களில் தீர்ந்துபோகிறது. இந்தச் சின்னத் தகவலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், கண் விழும் இடத்தில் இது திரும்ப வரும்.

எவ்வளவு சர்க்கரை போதும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். மாஸ்டர் கொடுத்த அளவு இது: ஒரு கிலோ மைதாவுக்கு 600 மில்லி தண்ணீர், 20 கிராம் உப்பு, 20 கிராம் சர்க்கரை, 10 கிராம் ஈஸ்ட். பிசைந்து முடித்ததும் இந்த மாவு ஏறக்குறைய ஒன்றரை லிட்டர் பாத்திரத்தில் அடங்கும். அடுப்புக்குப் போகும் முன் நான்கு மடங்காகிறது என்று வைத்துக்கொண்டால் உள்ளே நாலரை லிட்டர் வாயு சேர வேண்டும். ஒரு கிராம் குளுக்கோஸை ஈஸ்ட் முழுவதும் புளிக்க வைத்தால் கால் லிட்டருக்குச் சற்று அதிகமாக வாயு கிடைக்கும். அப்படியானால் 17 கிராம் போதும். மாவிலுள்ள தண்ணீரில் கரைந்து நிற்பது, மேற்பரப்பு வழியாகக் கசிந்து போவது எல்லாவற்றையும் சேர்த்தாலும் இருபது கிராமை ஒட்டித்தான் வரும். அதாவது நாலைந்து டீஸ்பூன். ஒரு கிலோ மாவை ஒரு அண்டாவாக ஆக்குவதற்கு அவ்வளவுதான் தேவை.

அப்படியென்றால் மாஸ்டர் போடும் 20 கிராம் சர்க்கரையைத்தான் ஈஸ்ட் தின்கிறதா? முதலில் அதைத்தான். நாம் போடும் சர்க்கரையை ஈஸ்ட் தன் செல் சுவருக்கு அருகிலேயே சில நிமிடங்களில் குளுக்கோஸாகவும் ஃப்ரக்டோஸாகவும் உடைத்துவிடும். ஆனால் சர்க்கரை போடாமலும் ரொட்டி ஏறும். கோதுமை அரைபடும்போது ஸ்டார்ச் மணிகளில் ஒரு பங்கு சிதைந்துபோகிறது. தண்ணீர் பட்டதும் மாவிலேயே இருக்கும் அமிலேஸ் நொதிகள் அந்தச் சிதைந்த மணிகளை வெட்டி மால்டோஸ் என்ற சர்க்கரையாக்கும். குளுக்கோஸ் தீர்ந்த பிறகுதான் ஈஸ்ட் மால்டோஸின் பக்கம் திரும்பும். அதை உள்ளே இழுக்கத் தனி வாசலும் உடைக்கத் தனி நொதியும் தேவை, அவற்றைத் தயார் செய்யக் கொஞ்ச நேரம் பிடிக்கும். சர்க்கரை சேர்க்காத மாவு சில சமயம் நடுவில் சோம்பி நின்று, பிறகு மறுபடி ஏறத் தொடங்குவது இதனால்தான்.

அதற்காகச் சர்க்கரையை அள்ளிப் போட்டால் வேகமாக ஏறும் என்று நினைக்க வேண்டாம். இனிப்பு பன் மாவில் சர்க்கரை பல மடங்கு அதிகம். அந்தச் சர்க்கரை தண்ணீரைத் தன் பக்கம் இழுத்துக்கொள்வதால் ஈஸ்ட் செல்களுக்குள்ளிருந்து நீர் வெளியேறி அவை சுருங்கும். ஊறுகாயில் மாங்காய் சுருங்குகிற அதே கதைதான். அதனால் இனிப்பு பன்னுக்கு ஈஸ்ட்டைக் கூட்டிப் போடுவார்கள். உப்பும் இதே வேலையை இன்னும் கடுமையாகச் செய்யும். ஈஸ்ட்டும் உப்பும் ஒரே இடத்தில் குவியலாகப் படக்கூடாது என்று பேக்கரியில் சின்னப் பையனுக்கு முதல் நாளே சொல்லிவிடுவார்கள்.

இனி கண்ணுக்கு வருவோம். ஈஸ்ட் செல் ஒவ்வொன்றும் ஒரு குமிழியை ஊதும் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். அப்படியில்லை. செல்லிலிருந்து வெளிவரும் கார்பன் டை ஆக்சைடு முதலில் சுற்றியுள்ள தண்ணீரில் கரைகிறது. கரைந்து கரைந்து தண்ணீர் நிரம்பிய பிறகும் அதனால் புதிதாக ஒரு குமிழியை உண்டாக்க முடிவதில்லை. வீரபாண்டித் திருவிழாவில் பிள்ளைகளுக்கு வாங்கிக் கொடுத்த பலூனை ஊதிப் பார்த்தவர்களுக்கு இது புரியும். முதல் மூச்சுக்குத்தான் கன்னம் வலிக்கும். கொஞ்சம் பருத்துவிட்டால் பிறகு இலகுவாகப் போகும். குமிழி எவ்வளவு சிறிதோ, அதன் தோலை விரிக்க அவ்வளவு அழுத்தம் வேண்டும். ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து ஒரு குமிழியைத் தொடங்குவதென்றால், மாவுக்குள் கிடைக்கவே கிடைக்காத அழுத்தம் தேவைப்படும்.

அப்படியானால் குமிழி எங்கிருந்து வந்தது? பிசையும்போதுதான். மாவை மடித்து அமுக்கும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் காற்று உள்ளே சிக்கிக்கொள்கிறது. அதை மேலும் மேலும் மடிக்க, அது கண்ணுக்குத் தெரியாத அளவுக்கு நுணுங்கிப் பல்லாயிரமாகிறது. அந்தக் காற்றிலுள்ள ஆக்சிஜனை ஈஸ்ட் சில நிமிடங்களில் தீர்த்துவிடும் என்று மேலே சொன்னேன். மிஞ்சுவது நைட்ரஜன். அது தண்ணீரில் எளிதில் கரையாது, அதனால் சின்னக் குமிழியாகவே அங்கே தங்கிவிடுகிறது. கரைந்து நிற்கும் கார்பன் டை ஆக்சைடு, ஏற்கெனவே வாய் திறந்திருக்கும் இந்தக் குமிழிகளுக்குள் புகுந்து அவற்றைப் பருக்க வைக்கிறது. 1941-இல் பேக்கர், மைஸ் என்ற இரண்டு அமெரிக்க ஆய்வாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். காற்றை நீக்கிவிட்டுப் பிசைந்த மாவில் ஈஸ்ட் வாயுவை வழக்கம்போல விட்டும் ஒழுங்கான கண்கள் விழவில்லை. ரொட்டியில் எத்தனை கண் என்பது பிசைந்து முடித்த நிமிடத்திலேயே முடிவாகிவிடுகிறது. அதற்குப் பிறகு ஈஸ்ட்டால் ஒன்றைக்கூடக் கூட்ட முடியாது, இருப்பதைப் பெரிதாக்கத்தான் முடியும்.

மாஸ்டர் ஒரு மணி நேரம் ஏறிய மாவை ஓங்கிக் குத்தி அமுக்குவதைப் பார்த்து முன்பெல்லாம் வயிற்றெரிச்சலாக இருக்கும். இவ்வளவு நேரம் ஏறியது வீணாகிறதே என்று. உண்மையில் அவர் பெரிய குமிழிகளை உடைத்துப் பல சிறு குமிழிகளாகப் பங்கிடுகிறார். பிசைவதற்குப் பிறகு எண்ணிக்கை கூட இருக்கும் ஒரே வழி அதுதான். போனது வாயு. சர்க்கரையும் ஈஸ்ட்டும் இன்னும் உள்ளேதான் இருக்கின்றன, வாயுவைத் திரும்ப நிரப்பிவிடும்.

குமிழி இருந்தால் போதாது, அதற்குத் தோல் வேண்டும். திராட்சைச் சாற்றில் தோல் கிடையாது, குமிழி மேலே வந்து வெடித்துவிடும். கோதுமையில் இருக்கிறது. அதன் புரதங்களில் இரண்டு வகை, தண்ணீர் பட்டுப் பிசையப் பிசைய ஒன்றோடொன்று பின்னிக்கொள்ளும். ஒன்று இழுத்தால் திரும்பும் ரப்பர் குணத்தைத் தருவது, மற்றது இழுத்த பக்கம் நீளும் குணத்தைத் தருவது. இரண்டும் சேர்ந்த வலைக்குத்தான் குளூட்டன் என்று பெயர். பரோட்டா வீசுகிறவர் மாவைக் கண்ணாடிபோல விரிக்க முடிவது இதனால்தான். பேக்கரியிலும் அதே சோதனை உண்டு. ஒரு நெல்லிக்காய் அளவு மாவை எடுத்து இரண்டு கை விரல்களாலும் மெல்ல விரித்து விளக்குக்கு நேரே பிடிப்பார்கள். கிழியாமல் வெளிச்சம் தெரிந்தால் பிசைந்தது போதும்.

அரிசிக்கு இந்த வலை கிடையாது. முல்லைப் பெரியாற்றுத் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளையும் இந்தப் பள்ளத்தாக்கில் ரொட்டி வெளியூர் கோதுமையை நம்பி இருப்பது அதனால்தான். இட்லி மட்டும் எப்படி உப்புகிறது என்றால், அங்கே தோலாக நிற்பது உளுந்தின் வழவழப்பு. ஊதுவதும் பெரும்பாலும் ஈஸ்ட் இல்லை. உளுந்தோடு வரும் லியூகோநாஸ்டாக் என்ற பாக்டீரியா சர்க்கரையைப் புளிப்பாகவும் வாயுவாகவும் ஆக்குகிறது. அதனால்தான் இட்லி மாவு பொங்கும்போதே புளிக்கவும் செய்கிறது. உளுந்தைக் குறைத்தால் மாவு புளிக்கும், ஆனால் ஏறாது. ஊதுகிறவன் இருக்கிறான், பிடிக்கிறவன் இல்லை.

இங்கே ஒரு சின்ன விலகல். பன்னீர் திராட்சையின் மேல் சாம்பல் பூசினதுபோல ஒரு வெள்ளைப் படலம் இருக்குமே, அதைத்தான் ஈஸ்ட் என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது பழம் தானே சுரக்கும் மெழுகு, நீர் வற்றாமல் காப்பது. பழத்தின் மேல் காட்டு ஈஸ்ட்டுகள் உண்டுதான். ஆனால் ரொட்டி ஈஸ்ட்டின் இனம் நல்ல பழத்தின் மேல் அபூர்வம். தோல் கிழிந்து சாறு கசிந்த பழத்தில்தான் அது அதிகம் தென்படும், குளவிகளும் பூச்சிகளும் கொண்டுவந்து சேர்க்கும். என் பாட்டில் பொங்கிப் பீறிட்டதில் பஸ் நெரிசலுக்கும் ஒரு பங்கு இருக்கக்கூடும். பாக்கெட் ஈஸ்ட் வருவதற்கு முன் கள் இந்த வேலையைச் செய்தது. கோவாவில் ரொட்டிக்கும் கேரளத்தில் ஆப்பத்துக்கும் கள்ளை ஊற்றித்தான் புளிக்க வைத்தார்கள். கம்பத்திலிருந்து மலையேறி குமுளி தாண்டினால் இன்றும் கள்ளாப்பம் கிடைக்கும். மலைக்கு இந்தப் பக்கம் கள் இறக்கத் தடை என்பதால் நம் ஆப்பத்துக்குச் சோடா மாவோ பாக்கெட் ஈஸ்ட்டோதான் கதி. எல்லைக்கோடு ஆப்பத்தின் ருசிக்குள்ளும் ஓடுகிறது.

பேக்கரிக்குத் திரும்புவோம். மார்கழியில் ஒரு ராத்திரி நான் அங்கே இருந்தபோது மாவு ஏறவில்லை. குமுளிக் கணவாய்ப் பக்கமிருந்து குளிர்காற்று இறங்கிக்கொண்டிருந்தது. பிசைந்து ஒன்றரை மணி நேரமாகியும் துணிக்கு அடியில் மாவு வைத்தபடியே கிடந்தது. குளிரால்தான் என்றார்கள் சிலர். மாஸ்டர் துணியை விலக்கி முகர்ந்து பார்த்தார். பச்சை மைதா வாசம்தான் வந்தது. சுண்டைக்காய் அளவு கிள்ளி உருட்டி ஒரு டம்ளர் தண்ணீரில் போட்டார். நேரே அடிக்குப் போய் உட்கார்ந்துகொண்டது. கொஞ்சமாவது வாயு சேர்ந்திருந்தால் மிதந்திருக்கும். "குளுருக்குன்னா மெதுவா ஏறும், ஏறாம இருக்காது. இது செத்துப்போச்சு" என்றவர் சின்னப் பையனைப் பார்த்தார். "எந்தத் தண்ணியிலடா ஈஸ்ட்ட கரைச்ச?" "குளுருதேன்னு டீ அடுப்புல இருந்து சுடுதண்ணி எடுத்தேன் மாஸ்டர்."

வழக்கு அங்கேயே முடிந்தது. ஈஸ்ட் 55 டிகிரி செல்சியஸைத் தாண்டினால் தாங்காது, 60-இல் சில நிமிடங்களில் மொத்தமாகச் செத்துவிடும். டீ அடுப்புத் தண்ணீர் அதைவிட எவ்வளவோ சூடு. அந்த மாவைக் கொட்டவில்லை. வெதுவெதுப்பான கொஞ்சம் தண்ணீரில் சிட்டிகை சர்க்கரையோடு புது ஈஸ்ட்டைக் கரைத்து, பத்து நிமிடத்தில் மேலே நுரை கட்டியதும், கொஞ்சம் மைதாவோடு சேர்த்து மறுபடி பிசைந்தார்கள். பன் விடிந்துதான் வெந்தது, ஆனால் வெந்தது. பையன் செய்ததில் பாதி நியாயம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். உலர்ந்த ஈஸ்ட்டைச் சில்லென்ற தண்ணீரில் கரைப்பதும் தப்பு. உறக்கத்திலிருந்து எழும் செல்லின் உறை சரியாக மூடிக்கொள்ளாமல் உள்ளிருப்பது கசியும். கசிவதில் குளூட்டனைத் தளர்த்தும் ஒரு பொருளும் உண்டு. மாவு ஏறாததோடு கையில் பிசுபிசுவென்று ஒட்டவும் செய்யும்.

சரியான சூடு எது? ஏறக்குறைய 28 டிகிரியில் மாவு பிசைந்து முடிய வேண்டும் என்று வைத்துக்கொள்ளலாம். அதற்கு பேக்கரிக்காரர்களிடம் ஒரு எளிய கணக்கு இருக்கிறது. வேண்டிய சூட்டை மூன்றால் பெருக்கு: 84. அதிலிருந்து அறையின் சூடு, மாவின் சூடு, மெஷின் பிசைவதால் உரசி உண்டாகும் சூடு மூன்றையும் கழி. மிஞ்சுவது தண்ணீர் இருக்க வேண்டிய சூடு. உரசலுக்கு 8 டிகிரி என்று கொள்வோம், அது மெஷினுக்கு மெஷின் மாறும். அந்த மார்கழி இரவில் அறையும் மாவும் 20 டிகிரி என்றால் 84-இல் 48 போக 36. பையன் வெதுவெதுப்பான தண்ணீர் எடுத்திருந்தால் மிகச் சரி. அதே கணக்கைச் சித்திரை மதியத்துக்குப் போட்டால் அறையும் மாவும் 36 டிகிரி. 84-இல் 80 போக மிஞ்சுவது வெறும் 4. ஐஸ் கட்டியைத் தட்டிப் போட்டால்தான் உண்டு. சித்திரையில் பேக்கரிக்கு ஐஸ் வண்டி வந்து நிற்பது சர்பத்துக்காக என்று நான் ரொம்ப நாள் நினைத்திருந்தேன்.

ஐஸ் போடாமல் விட்டால் என்ன ஆகும்? 20-இலிருந்து 35 டிகிரி வரைக்கும், பத்து டிகிரி கூடினால் ஈஸ்ட்டின் வேகம் ஏறக்குறைய இரட்டிக்கும். மாஸ்டர் ஒரு டீ குடித்துவிட்டு வருவதற்குள் மாவு எல்லையைத் தாண்டிவிடும். தாண்டியதைக் கண்டுபிடிக்க விரல் போதும். மாவில் விரலால் மெல்ல அழுத்தினால் குழி மெதுவாகப் பாதி மேலே வர வேண்டும். சட்டென்று முழுவதும் எழுந்தால் இன்னும் நேரம் இருக்கிறது. எழவே எழாமல் சுற்றிலும் சரிந்தால் கை மீறிவிட்டது, வலை தாங்கும் அளவுக்கு மேல் குமிழி பருத்து ஒன்றோடொன்று சேர்ந்துவிட்டது. இன்னொரு அடையாளம் வெந்த பிறகு தெரியும். அளவுக்கு மேல் புளித்த ரொட்டியின் மேல்தோல் எவ்வளவு வேகவைத்தாலும் வெளிறியே இருக்கும். செம்பழுப்பு நிறத்துக்குச் சர்க்கரை மிச்சம் வேண்டும், ஈஸ்ட் அதை வழித்துத் துடைத்துத் தின்றிருக்கும். கடையில் வெளிறித் தட்டையாக இருக்கும் பன்னைப் பார்த்தால் அடுப்பைக் குறை சொல்லாதீர்கள்.

சின்னமனூரிலிருந்து மேகமலைக்கு ஏறினால் இந்தக் கணக்கெல்லாம் கொஞ்சம் குழம்பும். அங்கே சுமார் 1500 மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவு. கடல்மட்டத்தில் ஒரு லிட்டராக இருக்கும் வாயு அங்கே ஏறக்குறைய ஒன்றேகால் லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக விரியும். அதே ஈஸ்ட், அதே சர்க்கரை, ஆனாலும் அதிகம் உப்பும். கூடவே குளிர் ஈஸ்ட்டை மந்தமாக்கும். ஒன்று இழுக்க, மற்றது தடுக்க, மலையில் ரொட்டி சுடுகிறவர் கடிகாரத்தைவிட விரலைத்தான் நம்ப வேண்டியிருக்கும்.

கடைசிக் கட்டம் அடுப்பில். டிரேயை உள்ளே தள்ளிய முதல் சில நிமிடங்களில் பன் கண்ணெதிரே இன்னொரு சுற்றுப் பருக்கும். சூட்டில் ஈஸ்ட் சாகும் முன் ஒரு கடைசி வேகம் காட்டும், ஆனால் அது சின்னப் பங்குதான். தண்ணீரில் இதுவரை கரைந்து நின்ற கார்பன் டை ஆக்சைடு சூட்டில் கரைந்திருக்க முடியாமல் குமிழிக்குள் பாய்கிறது. ஆல்கஹால் ஆவியாகிறது. நீராவி சேர்கிறது. உள்ளே 60 டிகிரியைத் தாண்டும்போது ஸ்டார்ச் கஞ்சியாக வெந்து தடிக்கும், இன்னும் சூடேற குளூட்டன் இறுகும். அப்போது நடப்பதை யாரும் பார்ப்பதில்லை: தனித்தனியாக மூடியிருந்த குமிழிகளின் சுவர்கள் இனி நீள முடியாமல் அங்கங்கே கிழிந்து, எல்லாம் ஒன்றுக்குள் ஒன்று திறந்துகொள்கின்றன. நுரை பஞ்சாகிறது. அந்தக் கிழிசல் மட்டும் இல்லையென்றால், ஆறும்போது உள்ளே இருக்கும் வாயு சுருங்கி பன்னையே உள்ளிழுத்துவிடும். அவசரத்தில் சீக்கிரம் எடுத்த பன் மேசையில் வைத்ததும் நடுவில் குழிவது இதனால்தான். கஞ்சி இறுகவில்லை, கிழிய வேண்டியது கிழியவில்லை.

அன்று விடியற்காலையில் மாஸ்டர் அடுப்பைத் திறந்தபோது முதலில் வந்தது ரொட்டி வாசம் இல்லை. அதற்கு ஒரு நொடி முன்னால், மூக்கைச் சுருக்கென்று பிடிக்கும் ஒரு இனிப்புப் புளிப்பு ஆவி. மாவிலிருந்த ஆல்கஹால் பெரும்பகுதியும் அப்படித்தான் வெளியே போகிறது. ஒரு கிலோ மைதாவுக்கு ஏறக்குறைய பத்து கிராம். எனக்கு அந்த வாசம் தெரிந்ததாக இருந்தது. சமையலறைச் சுவரைத் துடைத்துக்கொண்டிருந்தபோது வந்ததும் அதுதான். மாஸ்டர் ஒரு பன்னைப் பிய்த்து ஆவி பறக்க என் கையில் வைத்தார். விளக்குப் பக்கம் திருப்பிக் கண்களை எண்ண முடியுமா என்று பார்த்தேன். எல்லாம் சின்னச் சின்னது, ஒரே மாதிரி.

"ரெண்டு தடவ பிசைஞ்ச மாவுல்லண்ணே" என்றார்.